பகல் 12 மணிக்குத் தொடங்கும் கட்டம்: பாப்பாவின் ஒரு வாரத்தை ஒரே தாளில் பார்க்க

என் மூத்தவன் பிறந்த சமயத்தில் நான் எழுதிய டைரி இன்னும் பீரோவில் இருக்கிறது. ‘காலை 6.10 பால், வலது பக்கம், 15 நிமிஷம். 6.40 தூக்கம். 7.25 முழிச்சாச்சு’ என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அவ்வளவு எழுதியும் அதிலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஆறாவது வாரத்தில் அவன் சாயங்காலமானால் விடாமல் பால் கேட்டு அழுதான். பால் பத்தவில்லை என்று நானே முடிவு கட்டி, ராத்திரி ஏழு மணிக்கு ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுத்தேன். ஒரு பாட்டில் மூன்றாக ஆனது. பிள்ளை சப்புவது குறையக் குறைய எனக்குச் சுரப்பும் குறைந்து, நான்காவது மாதத்தோடு தாய்ப்பால் நின்றுபோனது. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான். பால் பத்தவில்லை என்ற முடிவு தப்பு என்பதற்கான ஆதாரம் அந்த டைரியிலேயே இருந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாக வாக்கியமாக எழுதியதால் என் கண்ணில் படவில்லை.

போன வருஷம் என் தங்கச்சி தலைப்பிரசவத்துக்குக் கம்பத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். பாப்பாவுக்கு நாற்பதாவது நாள் நெருங்கும்போது போன் வந்தது. “அக்கா, ராத்திரி பகல் தெரியல. பால் பத்தலைன்னு அப்பத்தா சொல்லுது. பவுடர் வாங்கச் சொல்லுது.” அதே வாரம், அதே பேச்சு. தேனியிலிருந்து பஸ் ஏறி ஒரு வாரம் அவளோடு தங்கினேன். அந்த வாரம் நாங்கள் போட்ட தாளைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன், தங்கச்சிகளா.

பிள்ளைகள் எழுதும் கோடு போட்ட லாங் சைஸ் நோட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். படுத்திருந்த கோடெல்லாம் நின்றுவிடும். கோட்டுக்குக் கோடு ஒரு மணி நேரம் என்று வைத்தால் 24 கட்டம் தயார். ஸ்கேல் வைத்துக் குறுக்கே எட்டுக் கோடு போட்டால் ஏழு வரிசை கிடைக்கும், ஒரு நாளுக்கு ஒன்று. வலது ஓரத்தில் மிஞ்சும் இடத்தில் ஈரத்துணிக்கு ஒரு பத்தி, ஆய்க்கு ஒரு பத்தி, குறிப்புக்கு ஒரு பத்தி. வேறு ஒன்றும் வேண்டாம்.

நான் பிடிவாதமாகச் சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. முதல் கட்டத்தை நள்ளிரவில் தொடங்காதீர்கள். பகல் 12 மணியில் தொடங்குங்கள். காலண்டர்படி நாளைத் தொடங்கினால் ராத்திரி இரண்டாக வெட்டுப்பட்டுவிடும். ஒன்பதரையிலிருந்து ஒன்றேகால் வரை பாப்பா ஒரே தூக்கமாகத் தூங்கியிருந்தாலும், பாதி ஒரு வரிசையின் வால்பக்கமும் மீதி அடுத்த வரிசையின் தலைப்பக்கமும் போய்விடும். உங்களுக்குத் தெரிய வேண்டியதே ராத்திரியின் வடிவம். பகல் 12-லிருந்து போட்டால் ராத்திரி தாளின் நட்ட நடுவில் முழுசாக உட்காரும். ‘திங்கள்’ என்ற வரிசை திங்கள் பகல் 12 முதல் செவ்வாய் பகல் 12 வரை. இதை மறக்காதீர்கள், பின்னால் இதில்தான் நாங்கள் ஒரு தரம் தடுமாறினோம்.

குறிகள் மூன்று. பால் கொடுக்கத் தொடங்கியதும் அந்த மணிக் கட்டத்தில் ஒரு புள்ளி. தூங்கின நேரத்துக்கு ஒரு கோடு. தேற்ற முடியாத அழுகைக்கு ஒரு நெளிவு. முழித்துச் சும்மா கிடக்கும் நேரம் வெற்றுக் கட்டம். எத்தனை நிமிஷம் குடித்தது என்று எழுத வேண்டாம். நேரடியாக மார்பில் குடிக்கும் பிள்ளைக்கு நிமிஷத்தை வைத்து மில்லியைச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளை எட்டு நிமிஷத்தில் வயிறு நிறைந்துவிடும், இன்னொன்று அரை மணி வாயில் வைத்துக்கொண்டே உறங்கும். பக்கம் மாற்றிக் கொடுத்தாலும் ஒரே புள்ளிதான். நடுவில் அரை மணிக்கு மேல் இடைவெளி விழுந்தால் அடுத்த புள்ளி. கடைசியாக எந்தப் பக்கம் கொடுத்தோம் என்பதற்குத் தாள் எதற்கு, சட்டையில் அந்தப் பக்கம் ஒரு ஊக்கைக் குத்திக்கொள்ளுங்கள்.

புள்ளியும் கோடும் என்பதால் எழுத்து தேவையில்லை. எங்கள் அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டாம் நாளிலிருந்து பகலில் கோடு இழுத்தது அவர்தான். தாளை ஒரு அட்டையில் கிளிப் போட்டு, பென்சிலை நூலில் கட்டி, தலைமாட்டில் மாட்டிவிட்டோம். ஒரு கை பிள்ளையைப் பிடித்திருக்க மறு கையால் போட முடிய வேண்டும். போட மறந்துபோனால் ஞாபகத்திலிருந்து இட்டு நிரப்பாமல் அந்தக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள். ஊகித்துப் போட்ட புள்ளி, நாம் ஏற்கெனவே நம்புவதைத்தான் திருப்பிச் சொல்லும்.

இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. தூக்கத்தை ஆராய்ந்த சிகாகோ பல்கலைக்கழகத்து நத்தானியேல் கிளைட்மன், எங்கல்மன் என்ற இன்னொருவருடன் சேர்ந்து 1953-ல் வெளியிட்ட படம் ஒன்று உண்டு. கேட்டபோதெல்லாம் பால் கொடுத்து வளர்த்த ஒரு குழந்தையின் 11-ஆம் நாள் முதல் 182-ஆம் நாள் வரை, நாளுக்கு ஒரு வரியாக அடுக்கியிருப்பார்கள். தூக்கம் கோடு, பால் புள்ளி. மேலே கலைந்து கிடக்கும் கோடுகள் கீழே போகப் போக ராத்திரிப் பக்கம் ஒதுங்கித் திரண்டு நிற்கும். நடுவில் சில வாரம், தூக்கம் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போய், வரிகள் சாய்வாக இறங்கும். உங்கள் தாளிலும் அப்படிச் சாய்வு தெரிந்தால் பதறாதீர்கள். பகல் எது ராத்திரி எது என்ற கணக்கு பிள்ளையின் உடம்புக்குள் நிலைப்பட இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இனி எங்கள் தாள். முழு 24 கட்டமும் இங்கே கொள்ளாது, சாயங்காலம் 5 முதல் ராத்திரி 1 மணிக் கட்டம் வரையும் விடியற்காலை 4, 5 மணிக் கட்டங்களையும் மட்டும் தருகிறேன். ● பால், ━ தூக்கம், ~ அழுகை.

| வரிசை | 5 | 6 | 7 | 8 | 9 | 10 | 11 | 12 | 1 | விடிகாலை 4 | 5 |
|---|---|---|---|---|---|---|---|---|---|---|---|
| திங்கள் | ━ | ● | ●● | ● | ●━ | ━ | ━ | ━ | ●━ | ● | |
| செவ்வாய் | ● | ~ | ●● | ● | ━ | ━ | ━ | ━ | ●━ | ● | |
| புதன் | ●~ | ●~ | ● | ● | ● | ● | ━ | ● | ━ | ● | |
| வியாழன் | ━ | ● | ━ | ● | ●━ | ━ | ━ | ━ | ●━ | ● | |
| வெள்ளி | ━ | ● | ●● | ● | ●━ | ━ | ━ | ━ | ●━ | ● | |
| சனி | ● | ~ | ● | ●● | ━ | ━ | ━ | ━ | ●━ | ━ | ━ |
| ஞாயிறு | ━ | ●● | ~ | ● | ●━ | ━ | ━ | ━ | ━ | ● | |

இதைக் குறுக்கே படிக்காதீர்கள், மேலிருந்து கீழே படியுங்கள். ஒரே மணிக் கட்டத்தில் ஏழு நாளும் என்ன நடந்திருக்கிறது என்று விரலை வைத்து இறக்குங்கள். ஏழில் ஐந்து நாளாவது ஒரே மாதிரி இருந்தால் மட்டும் அதை வழக்கம் என்று எடுங்கள். இரண்டு மூன்று நாள் ஒத்துப்போவது தற்செயலாகவும் இருக்கும்.

முதலில் புதன் வரிசையை ஒதுக்கிவைத்தோம். அன்றைக்குப் பாப்பாவுக்கு 42-ஆம் நாள். புதன்கிழமை தடுப்பூசி நாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே, காலையில் போய் ஆறாவது வாரத்து ஊசி போட்டு வந்தோம். சாயங்காலம் முழுக்க நெளிவு, ராத்திரித் தூக்கமும் துண்டு துண்டு. மறுநாள் வியாழன் சாயங்காலம் பிள்ளை அசந்து தூங்கி, பால் கேட்டதே குறைவு. குறிப்புப் பத்தியில் ‘ஊசி’ என்று எழுதியிராவிட்டால் இந்த இரண்டு நாளும் எங்களைக் குழப்பியிருக்கும். ஊருக்குப் போனது, வீட்டில் விருந்தாள் வந்தது, பிள்ளைக்கு மூக்கடைப்பு, எதுவானாலும் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.

அடுத்து அப்பத்தாவின் சந்தேகம். ஏழு நாளில் மொத்தம் 74 புள்ளி, நாளுக்குப் பத்து பதினொன்று. பிறந்த பிள்ளை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தரம் குடிப்பது சாதாரணம், ஆகவே எண்ணிக்கையில் குறை இல்லை. ஆனால் அந்த 74-ல் 30 புள்ளி சாயங்காலம் 5-க்கும் ராத்திரி 10-க்கும் இடையில் விழுந்திருந்தது. ஐந்தே மணி நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு. தங்கச்சிக்கு அதுதான் ‘விடாமல் குடிக்குது, பத்தலை’ என்று தோன்றியது. இப்போது அதே வரிசைகளில் பக்கத்துக் கட்டங்களைப் பாருங்கள். புள்ளிகள் நெருங்கிய ராத்திரிகளில் அதற்குப் பின்னாலேயே மூன்றரை, நான்கு மணி நேரக் கோடு. நெருக்கி நெருக்கிக் குடித்துவிட்டு நீளமாகத் தூங்குவது இந்த வயதுப் பிள்ளைகளின் பழக்கம். அழுகையும் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் உச்சத்துக்குப் போகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பிரேசல்டன், தாய்மார்களைக் குறித்து வைக்கச் சொல்லி 1962-லேயே இதைக் காட்டியிருக்கிறார். அதுவும் பெரும்பாலும் சாயங்கால அழுகை. மூன்று நான்கு மாதத்தில் தானாகத் தணியும்.

ஆனாலும் புள்ளிகளை மட்டும் வைத்துப் பால் போதும் என்று சொல்லிவிடக் கூடாது. நிறையப் புள்ளி இருந்தும் பிள்ளை சரியாக வாய் பிடிக்காமல் வெறுமனே சப்பிக்கொண்டிருக்கலாம். அதற்குத்தான் ஓரத்துப் பத்திகள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு தரமாவது நன்றாக ஒண்ணுக்குப் போக வேண்டும். எங்கள் தாளில் எந்த வரிசையிலும் ஏழுக்குக் குறையவில்லை. டயபர் போட்டால் இந்தக் கணக்கு தப்பும், இரண்டு மூன்று தரம் போனதை அதுவே உறிஞ்சி ஒன்றாகக் காட்டும். அந்த ஒரு வாரம் மட்டும் வீட்டில் துணி கட்டுங்கள். நனைந்த துணியைத் தனி வாளியில் போட்டு, அலசும்போது எண்ணினால் போதும். ஆய் விஷயத்தில் எண்ணிக்கையை வைத்துப் பயப்பட வேண்டாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை ஆறு வாரத்துக்குப் பிறகு சில நாள் போகாமலும் இருக்கும். மெத்தென்று மஞ்சளாக இருந்து, பிள்ளை நன்றாகக் குடித்து எடை ஏறினால் சரிதான்.

கடைசிச் சாட்சி தராசு. 28-ஆம் நாள் நர்ஸக்கா எடை பார்த்துத் தாய்-சேய் நல அட்டையில் எழுதியிருந்தது 3 கிலோ 500 கிராம். 42-ஆம் நாள் ஊசி போட்ட இடத்தில் அதே தராசில் 3 கிலோ 900. பதினான்கு நாளில் 400 கிராம், நாளுக்கு 28 கிராம் வாக்கில். முதல் மூன்று மாதத்தில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் பால் போதுமானது. தராசு மாறினாலும் சட்டையோடு நிறுத்தாலும் நூறு கிராம் சுலபமாக வித்தியாசம் காட்டும். அதே தராசு, துணி இல்லாத உடம்பு என்று கேட்டு வாங்குங்கள். தாளையும் அட்டையையும் பக்கத்தில் வைத்து அப்பத்தாவிடம் விரல் வைத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் கோடுகளைப் பார்த்துவிட்டு, “அப்ப பொழுது சாய அது தன் வயித்த ரொப்பிக்கிட்டுத்தான் தூங்குதா” என்றார். பவுடர் பேச்சு அதோடு நின்றது. ஒருவேளை எடை ஏறாமல் இருந்திருந்தால் அதே தாளை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருப்போம். அவர் முதலில் கேட்பதும் எத்தனை தரம் பால், எத்தனை தரம் ஒண்ணுக்கு என்றுதான்.

இந்த வாரத்தில் தங்கச்சிக்கு உடனே பலன் கொடுத்தது இன்னொன்று. பாப்பாவின் நீளமான தூக்கம் ஒன்பதரைக்குத் தொடங்கி ஒன்றேகால் வாக்கில் முடிகிறது. இவள் என்ன செய்துகொண்டிருந்தாள்? பிள்ளை தூங்கியதும் சாப்பிட்டு, துணி அலசி, வீட்டுக்காரரோடு போனில் பேசி, பதினொன்றரைக்குத் தலை சாய்ப்பாள். ஒன்றேகாலுக்கு எழும்போது அவள் தூங்கியிருப்பது இரண்டு மணி நேரம்கூட இல்லை. பிள்ளையின் தூக்கத்தை நீட்டத்தான் எல்லோரும் வழி கேட்கிறோம். இங்கே அது ஏற்கெனவே நீளமாகத்தான் இருந்தது, அம்மாதான் அந்த நேரத்தில் விழித்திருந்தாள். சாப்பாட்டை ஐந்தரைக்கு மாற்றினோம். 5 முதல் 10 வரை அவள் பால் கொடுப்பதைத் தவிர ஒரு வேலையும் செய்வதில்லை, அடுப்பும் துணியும் எங்கள் பொறுப்பு. போன் பேச்சு மத்தியானத்துக்குப் போனது. ஒன்பதரைக்குப் பிள்ளையோடு அவளும் படுத்தாள். முதல் ராத்திரியே மூன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள்.

விடிகாலைக் கட்டம் எங்களைக் கொஞ்சம் அலைக்கழித்தது. ஏழில் ஆறு வரிசையில் நாலரை வாக்கில் முழிப்பு, பால், அப்புறம் தூக்கமே இல்லை. சனி வரிசையில் மட்டும் ஆறு மணி வரை கோடு. சனிக்கிழமை என்ன விசேஷம் என்று யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடவில்லை. அம்மாதான் சொன்னார், “ஏண்டி, அந்த வரிசையோட விடியக்காலம் ஞாயித்துக்கிழமையில்ல?” உண்மைதான், பகல் 12-ல் தொடங்கும் தாளில் சனி வரிசையின் காலைப்பொழுது ஞாயிறு. எங்கள் தெருவிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களை ஏற்ற மற்ற நாளெல்லாம் நாலரைக்கு ஜீப் வரும். வாசலில் நின்று ஹாரன் அடிக்கும். அந்த ஞாயிறு ஜீப் வரவில்லை. கம்பம், தேவாரம், போடிப் பக்கம் வளர்ந்த நமக்கு அந்த ஹாரன் காதிலேயே விழாது, பழகிப்போனது. பாப்பா படுத்திருந்ததோ முன்னறையில், தெரு ஜன்னலுக்குக் கீழே.

படுக்கையைப் பின்னறைக்கு மாற்றினோம். ஜீப் ஓட்டும் அண்ணனிடமும் ஒரு வார்த்தை சொன்னோம், அவர் மறுநாளிலிருந்து ஹாரனுக்குப் பதில் மிஸ்டு கால் கொடுக்கத் தொடங்கினார். நாலு மணிப் பால் நிற்கவில்லை, அந்த வயதில் நிற்கவும் வேண்டாம். குடித்த பிறகு திரும்பத் தூங்கியது, அதுதான் மாற்றம். ஆனால் படுக்கை, ஹாரன் இரண்டையும் ஒரே நாளில் மாற்றியதால் எது உதவியது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஒன்றை மாற்றி மூன்று நாள் பார்த்துவிட்டு அடுத்ததை மாற்றுங்கள்.

தாள் ஒழுங்காக வந்துவிட்டதே என்று அதையே டைம்டேபிளாக ஆக்கிவிடாதீர்கள். ‘ஒன்றேகால்தான் அதன் நேரம்’ என்று பன்னிரண்டரைக்கு அழும் பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது. வாயைத் திறந்து தேடுவதும் கையைச் சப்புவதும்தான் பால் கொடுக்க அழைப்பு. இன்னொரு பக்கம், பிறந்த முதல் இரண்டு வாரத்தில் நீளமான கோடு நல்ல செய்தி இல்லை. பிறந்த எடையைத் திரும்ப எட்டும் வரை, மூன்று மணி நேரத்துக்கு மேல் கோடு நீண்டால் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும். குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை என்றால் டாக்டர் சொல்லும் இடைவெளிதான் கணக்கு.

சில விஷயங்களுக்கு ஏழு நாள் காத்திருக்கவே கூடாது. குடித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று பால் பிடிக்க மாட்டேன் என்கிறது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கிறது, ஒண்ணுக்குப் போவது சட்டென்று குறைகிறது, உடம்பு 100.4 டிகிரி காட்டுகிறது, அமைதியாக இருக்கும்போதே நிமிஷத்துக்கு 60 மூச்சுக்கு மேல் வாங்குகிறது, உள்ளங்கை உள்ளங்காலெல்லாம் மஞ்சளாகிறது என்றால் பென்சிலை வைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். கம்பம் ஜி.எச்., பெரியகுளம் ஜி.எச்., க.விலக்கு மெடிக்கல் காலேஜ், எது பக்கமோ அங்கே. வண்டி இல்லையென்றால் 108. தாளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் போட்டதும் நிறுத்திவிடுங்கள். மாதக்கணக்கில் போட்டால் பிள்ளை முகத்தைப் பார்ப்பதைவிடக் கட்டத்தைப் பார்ப்பது அதிகமாகிவிடும். மறுபடியும் மூன்றாவது மாதம் முடியும்போது ஒரு வாரம் போடலாம். ஆறு மாதத்தில் கூழ், பருப்புச் சாதம் ஆரம்பிக்கும்போதோ நீங்கள் வேலைக்குத் திரும்பும் முன்னாலோ இன்னொரு வாரம். அதே நோட்டில், அதே அளவில், பகல் 12-லேயே தொடங்குங்கள். தங்கச்சி அப்படித்தான் செய்தாள். நூறாம் நாள் வாக்கில் போட்ட தாளைப் பழைய தாளின் மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நோட்டுத் தாள் மெல்லிசு என்பதால் அடியில் இருப்பதும் தெரிந்தது. ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை நெருங்கிக் கிடந்த பழைய புள்ளிகளுக்கு மேலே புதிய தாளில் இரண்டே புள்ளி, ஒன்பதுக்குத் தொடங்கிய கோடு மூன்று மணியைத் தாண்டிப் போயிருந்தது.